இரண்டு மதிப்பெண்ணுக்குள் ஒரு சோப்புக்கட்டி

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தில் ‘அரசாங்கமும் வரிகளும்’ என்றொரு பாடம் இருக்கிறது. அதைப் படித்த மாணவரிடம் நேர்முக வரியையும் மறைமுக வரியையும் எடுத்துக்காட்டுடன் வேறுபடுத்தச் சொன்னால் பேனா தயங்காமல் ஓடும். நேரடியாகச் செலுத்துவது நேர்முக வரி, எடுத்துக்காட்டு வருமான வரி. மறைமுகமாகச் செலுத்துவது மறைமுக வரி, எடுத்துக்காட்டு சரக்கு மற்றும் சேவை வரி. எழுதியதில் தவறு என்று சுழிக்க எதுவும் இல்லை. விளக்கம் என்று சொல்லவும் அதில் எதுவும் இல்லை.

அதே மாணவரை மாலையில் அண்ணாச்சி கடைக்கு அனுப்பி ஒரு குளியல் சோப்பு வாங்கிவரச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும், “இன்றைக்கு நீ அரசாங்கத்துக்கு வரி கட்டினாயா?” என்று கேளுங்கள். அனேகமாக இல்லை என்றுதான் பதில் வரும். “அப்பாவின் சம்பளத்தில் கம்பெனியே வருமான வரியைப் பிடித்துக் கட்டிவிடுகிறதே, அது நேர்முகமா, மறைமுகமா?” என்று அடுத்ததைக் கேட்டால், கம்பெனி வழியாகப் போவதால் மறைமுகம் என்று சொல்பவர்களே அதிகம் இருப்பார்கள். மனப்பாடம் செய்த வரையறை இரண்டு கேள்விகளிலும் கைவிட்டுவிடுகிறது. பணம் எந்தக் கை வழியாக அரசிடம் போகிறது என்பதை வைத்துப் பிரிக்கப் பார்ப்பதுதான் கோளாறு. பார்க்க வேண்டியது வேறு. சட்டம் யாரைக் கட்டச் சொல்கிறது, அந்தத் தொகை கடைசியில் யார் பையிலிருந்து போக வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது என்ற இரண்டையும்தான் ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒரே ஆள் என்றால் நேர்முக வரி. கட்டுகிறவர் ஒருவர், சுமக்கிறவர் இன்னொருவர் என்றால் மறைமுக வரி. ஆங்கிலப் பொருளியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1848இல் வெளியிட்ட தன் பொருளியல் நூலில் ஏறக்குறைய இந்த அளவுகோலைத்தான் வைத்தார்.

அந்த சோப்பையே எடுத்துக்கொள்வோம். உறையில் அச்சிட்ட விலை 42 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். குளியல் சோப்புக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். அதற்கு முன்னால் 18 சதவீதமாக இருந்தது. 42 ரூபாயில் வரி எவ்வளவு என்றால் பலர் உடனே 42ஐ 5 சதவீதத்தால் பெருக்கி 2 ரூபாய் 10 காசு என்பார்கள். அச்சிட்ட விலை வரியையும் சேர்த்த விலை. எனவே 42ஐ 105ஆல் வகுத்து 5ஆல் பெருக்க வேண்டும். வரி சரியாக 2 ரூபாய், சோப்பின் விலை 40 ரூபாய். அந்த இரண்டு ரூபாயில் ஒன்று மத்திய அரசுக்கு, ஒன்று மாநில அரசுக்கு.

இந்த இரண்டு ரூபாயை அண்ணாச்சி ஒருவரே மொத்தமாகக் கொண்டுபோய்க் கட்டுவதில்லை. அது துண்டு துண்டாக, வேறு வேறு கைகளால், சோப்பு கடைக்கு வரும் முன்பே பெருமளவு கட்டப்பட்டுவிடுகிறது. கணக்கு எளிதாக இருக்க, மூலப்பொருளுக்கான வரியை விட்டுவிடுவோம். தொழிற்சாலை சோப்பை 30 ரூபாய்க்கு மொத்த வியாபாரிக்கு விற்கிறது. அதன்மேல் 1 ரூபாய் 50 காசு வரி வாங்கி அரசுக்குக் கட்டுகிறது. மொத்த வியாபாரி அதைக் கடைக்கு 36 ரூபாய்க்குக் கொடுக்கும்போது 1 ரூபாய் 80 காசு வரி வாங்குகிறார். தான் ஏற்கெனவே தொழிற்சாலையிடம் கொடுத்த 1.50ஐ அதில் கழித்துக்கொண்டு மீதி 30 காசைக் கட்டுகிறார். அண்ணாச்சி 40 ரூபாய் விலையின்மேல் 2 ரூபாய் வரி வாங்குகிறார், கொடுத்துவந்த 1.80 போக 20 காசு கட்டுகிறார். ஒன்றரை ரூபாயும் முப்பது காசும் இருபது காசும் சேர்ந்தால் இரண்டு ரூபாய்.

இப்போது மூவரையும் வரிசையாக நிறுத்தி, உங்கள் பையிலிருந்து எவ்வளவு போனது என்று கேட்டுப் பார்க்கலாம். தொழிற்சாலை தான் கட்டியதை மொத்த வியாபாரியிடம் வாங்கிவிட்டது. மொத்த வியாபாரி அண்ணாச்சியிடம் வாங்கிவிட்டார். அண்ணாச்சி, சோப்பு வாங்கிய பையனிடம் வாங்கிவிட்டார். பையனுக்குப் பின்னால் யாரும் இல்லை. அவன் சோப்பைக் குளிக்கத்தான் வாங்கினான், விற்க அல்ல. ஆகவே இரண்டு ரூபாயும் அவன் கணக்கில் நிற்கிறது. வரி அலுவலகத்தின் எந்தப் பதிவேட்டிலும் அவன் பெயர் இல்லை. கட்டியவர்கள் மூன்று பேர், சுமந்தவன் நான்காவது ஆள். மறைமுக வரி என்பது இதுதான். ஏற்கெனவே கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்கு வணிகர்கள் மத்தியில் ‘இன்புட்’ என்று பெயர். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது, வரிக்குமேல் வரி விழுவதைக் குறைப்பதற்கு இந்த ஏற்பாடே முக்கிய வழி என்று சொல்லப்பட்டது.

இங்கே ஒரு சந்தேகம் வரும். அண்ணாச்சியின் ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் என்றால் பொருள் விற்கும் கடை என்ற முறையில் அவர் பொதுவாக ஜிஎஸ்டியில் பதிவு செய்யவே தேவையில்லை. அப்போது சோப்பில் வரி இல்லையா? இருக்கிறது. மொத்த வியாபாரி வாங்கிய 1 ரூபாய் 80 காசு சோப்போடு ஒட்டிக்கொண்டே கடைக்கு வந்துவிட்டது. அதைக் கழித்துக்கொள்ள அண்ணாச்சிக்கு வழியில்லை, எனவே விலையில் சேர்த்துத்தான் விற்பார். கடைசி 20 காசு மட்டும்தான் அரசுக்குப் போகாமல் நிற்கும். ‘நான் பில் போடாத கடையில்தான் வாங்குகிறேன், எனக்கு ஜிஎஸ்டி இல்லை’ என்று பெருமைப்படுகிறவர்கள் கவனிக்க.

சம்பளத்துக்கு வருவோம். ஒரு தனியார் நிறுவன ஊழியரின் ஆண்டுச் சம்பளம் 14 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய். 2025-26 நிதியாண்டின் புதிய முறையில் நிலையான கழிவு 75 ஆயிரம் போனால் வரிக்குரிய வருமானம் 14 லட்சம். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம் என்று 20 ஆயிரம், அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம் என்று 40 ஆயிரம், மிச்சமுள்ள 2 லட்சத்துக்கு 15 சதவீதம் என்று 30 ஆயிரம். மொத்தம் 90 ஆயிரம். அதன்மேல் 4 சதவீதக் கூடுதல் வரி 3,600. ஆக 93,600 ரூபாய். நிறுவனம் இதைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதம் 7,800 ரூபாயைச் சம்பளம் போடும் முன்பே பிடித்து அரசுக்குக் கட்டிவிடுகிறது. சம்பளச் சீட்டில் டிடிஎஸ் என்று ஒரு பதிவு இருக்கும்.

கட்டியது நிறுவனம், வருமானம் ஊழியருடையது. இரண்டு பேர் வந்துவிட்டார்களே, இதுவும் சோப்புக் கதைதானே என்று தோன்றும். மாணவர்கள் தடுக்கி விழும் இடம் இது, பெரியவர்களும் விழுகிறார்கள். வேறுபாடு இங்கே இருக்கிறது. தொழிற்சாலை கட்டிய வரி தொழிற்சாலையின் பெயரில் கட்டிய வரி. அதன் சுமையைத்தான் அது அடுத்தவருக்குத் தள்ளியது. ஊழியரின் 7,800 ரூபாயோ ஊழியரின் பான் எண்ணின் கீழ் போய்ச் சேர்கிறது. நிறுவனம் வெறும் தபால்காரர். வருமான வரித் துறையின் 26ஏஎஸ் அறிக்கையைத் திறந்தால் யார் எவ்வளவு பிடித்துக் கட்டினார்கள் என்பது ஊழியரின் பெயரிலேயே தெரியும். அவருடைய கணக்கில் அதிகமாகப் பிடித்திருந்தால், கணக்குத் தாக்கல் செய்த பிறகு மீதி அவருடைய வங்கிக் கணக்குக்கே திரும்பும். சட்டத்தின் கண்ணில் வரி கட்ட வேண்டியவரும் அவர்தான், சுமப்பவரும் அவர்தான். ஆகவே டிடிஎஸ் வழியாகப் போனாலும் வருமான வரி நேர்முக வரியே.

இதிலிருந்து தேர்வறையில் கைகொடுக்கும் ஒரு சோதனை கிடைக்கிறது. அந்த வரி என் பெயரிலும் என் வருமானத்தையோ சொத்தையோ பார்த்தும் போடப்பட்டதா, அதிகமாகக் கட்டினால் எனக்கே திரும்புமா? ஆம் என்றால் நேர்முகம். ஆண்டு முழுவதும் சோப்பு, பற்பசை, பிஸ்கட் வாங்கியவர், ‘என் வருமானம் குறைவு, அந்த வரியைத் திருப்பிக் கொடுங்கள்’ என்று எந்த அலுவலகத்திலும் போய் நிற்க முடியாது. அவர் யார், எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று அந்த வரிக்குத் தெரியாது.

அப்படியென்றால் விடைத்தாளில் என்ன எழுதலாம்? இவ்வளவையும் எழுத இடமில்லை, தேவையும் இல்லை. இப்படி எழுதினால் போதும்: “யார்மீது வரி விதிக்கப்படுகிறதோ அவரே அதன் சுமையையும் ஏற்றால் அது நேர்முக வரி, சுமையை வேறொருவருக்கு மாற்ற முடியாது. ஊழியர் தன் ஆண்டு வருமானத்துக்குக் கட்டும் வருமான வரி இதற்கு எடுத்துக்காட்டு. வரியை ஒருவர் அரசுக்குக் கட்டி, அதன் சுமையை விலை வழியாக இன்னொருவருக்கு மாற்றினால் அது மறைமுக வரி. சோப்பின் விலையில் அடங்கிய ஜிஎஸ்டியை வணிகர்கள் கட்டுகிறார்கள், ஆனால் அதைச் சுமப்பவர் சோப்பை வாங்குபவர்.” நான்கு வாக்கியங்கள். வரையறையோடு எடுத்துக்காட்டு ஒட்டிக்கொண்டு நிற்கிறது, ‘எ.கா.’ என்று போட்டுவிட்டு ஒரு வரியின் பெயரை மட்டும் தொங்கவிடவில்லை. பெயர் மட்டும் எழுதிய விடைக்கும் இதே மதிப்பெண் கிடைக்கலாம். ஆனால் ‘ஏன் அது மறைமுகம்?’ என்று துணைக் கேள்வி வரும்போது அந்த விடை உதவாது.

ஐந்து மதிப்பெண் கேள்வி என்றால் இன்னொரு படி மேலே போகலாம். ‘ஏழைகள் வரி கட்டுவதில்லை’ என்ற பேச்சு டீக்கடையிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் அடிக்கடி காதில் விழுகிறது. வருமான வரியை மட்டும் பார்த்தால் அதில் உண்மை உண்டு. 2025-26 ஆண்டுக்கான புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு, லாட்டரிப் பரிசு, பங்கு லாபம் போன்ற தனி விகித வருமானம் இல்லாவிட்டால், தள்ளுபடி போக வரி எதுவும் வராது. வீட்டு வேலை செய்து மாதம் 10 ஆயிரம் சம்பாதிக்கும் பெண் அந்த எல்லையின் பக்கம்கூட வருவதில்லை. ஆனால் அவர் வாங்கும் சோப்பிலும் அதே இரண்டு ரூபாய் இருக்கிறது. மேலே சொன்ன ஊழியருக்கு மாதம் சுமார் ஒரு லட்சத்து 23 ஆயிரம் வருகிறது. அவர் சோப்பிலும் இரண்டு ரூபாய்தான். தொகை ஒன்று. வருமானத்தில் அது பிடிக்கும் பங்கு அந்தப் பெண்ணுக்குப் பன்னிரண்டு மடங்கு. வருமானம் கூடக் கூட விகிதமும் கூடும்படி வருமான வரியை அமைக்க முடிகிறது. சோப்பின் வரியை அப்படி அமைக்க முடியாது, ஏனெனில் வாங்குபவர் யார் என்று அது பார்ப்பதில்லை.

ஆளைப் பார்க்க முடியாததால் அரசு பொருளைப் பார்க்கிறது. ஏழைகள் அதிகம் வாங்கும் பொருளுக்குக் குறைந்த வரி, பணக்காரர்கள் வாங்குவதற்குக் கூடுதல் வரி என்பது அதன் ஏற்பாடு. சில்லறையாக அளந்து கொடுக்கும் அரிசிக்கு ஜிஎஸ்டி இல்லை. அதையே 25 கிலோ வரையிலான பையில் அடைத்து, பெயர் ஒட்டி விற்றால் 5 சதவீதம். 2025 செப்டம்பர் மாற்றத்தில் பென்சிலும் அழிரப்பரும் நோட்டுப் புத்தகமும் வரியற்ற பட்டியலுக்குப் போயின. பெரிய சொகுசுக் கார்கள் 40 சதவீதத்தில் நின்றன. இந்த வழி ஓரளவுக்குத்தான் எட்டும். கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளையும் அதே வரியில்லாத பென்சிலில்தான் எழுதும். வரியைக் குறைத்தால் விலையும் குறையும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 40 ரூபாய் சோப்பு, 18 சதவீதம் இருந்தபோது 47 ரூபாய் 20 காசு. 5 சதவீதம் ஆனதும் 42 ஆக வேண்டும். உறையில் உண்மையில் அப்படி இறங்கியதா, அல்லது அதே விலையில் எடை மட்டும் கூடியதா, இரண்டும் இல்லாமல் லாபமாக உள்ளேயே தங்கியதா என்பதைப் பழைய உறையையும் புதிய உறையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வகுப்பறைக்கு இதைவிட நல்ல செய்முறைப் பயிற்சி கிடைக்காது. செலவும் இல்லை.

மறைமுக வரியில் நடக்கும் இன்னொரு கோளாறு ஓட்டல் பில்லில் தெரியும். சாப்பாட்டுக்கு 200 ரூபாய், அதன்கீழ் சிஜிஎஸ்டி 5 ரூபாய், எஸ்ஜிஎஸ்டி 5 ரூபாய், மொத்தம் 210 என்று ஒரு பில் வருகிறது. சாதாரண உணவகத்துக்கு 5 சதவீதம்தான், கணக்கு சரி. ஆனால் அந்தப் பத்து ரூபாயை வாங்க அந்த ஓட்டலுக்கு உரிமை இருக்கிறதா? பதிவு பெற்ற உணவகம் என்றால் பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பதிவானது 33 என்று தொடங்கும். எண்ணே இல்லாமல் வரி மட்டும் போட்டிருந்தால் அந்தப் பத்து ரூபாய் அரசுக்குப் போக வழியில்லை, முதலாளியின் கல்லாவோடு நின்றுவிடும். எண் இருந்தும் சில இடங்களில் வாங்கக் கூடாது. ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடிக்குள் இருக்கும் உணவகங்கள் ‘காம்போசிஷன்’ என்ற இணக்கமுறையில் சேரலாம். அவை தங்கள் விற்பனையில் 5 சதவீதத்தைத் தங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும். வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக் கூடாது. வாங்க உரிமை இல்லை என்பதைப் பில்லிலேயே அச்சிடவும் வேண்டும். எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் இட்டுத் தேடினால் அந்தக் கடை சாதாரண முறையா, இணக்கமுறையா என்று சில நொடியில் தெரிந்துவிடும். மளிகைப் பொருளுக்கு இதைவிட எளிய சோதனை உண்டு. அச்சிட்ட விலை எல்லா வரியும் சேர்ந்தது என்பதால், அதற்குமேல் ‘ஜிஎஸ்டி தனி’ என்று ஒருவர் கேட்டாலே அது தவறு.

மாணவர்களின் விடைகளில் சில பழைய எடுத்துக்காட்டுகள் இன்னும் சுற்றிவருகின்றன. சொத்து மதிப்பின்மேல் மத்திய அரசு போட்ட செல்வ வரி 2015 பட்ஜெட்டில் நீக்கப்பட்டது. சேவை வரி 2017இல் ஜிஎஸ்டிக்குள் கரைந்தது. இவற்றை இன்றைய எடுத்துக்காட்டாக எழுதுவதைவிட வீட்டுக்கு வரும் காகிதங்களைப் பார்ப்பது நல்லது. சொத்து வரி ரசீதில் இருப்பது நேர்முக வரி. பெற்றோரின் சம்பளத்தில் அரையாண்டுக்கு ஒருமுறை பிடிக்கும் தொழில் வரியும் நேர்முக வரிதான். ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் அதை வாங்கக் கூடாது என்று அரசியல் சாசனத்தின் 276ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. பெட்ரோல் ஜிஎஸ்டிக்கு வெளியே இருந்தாலும் அதில் மத்திய அரசின் கலால் வரியும் மாநிலத்தின் மதிப்புக் கூட்டு வரியும் இருப்பதால் அது மறைமுக வரிக்கு உரிய எடுத்துக்காட்டு. சுங்கச்சாவடியில் கட்டுவது அந்தச் சாலையில் போவதற்கான கட்டணம். அதை வரிப் பட்டியலில் சேர்ப்பது தவறு.

சொத்து வரியில்தான் இந்த அளவுகோலின் விளிம்பு தெரிகிறது. மாநகராட்சி வீட்டுக்காரர் பெயரில் வரி போடுகிறது. வரியை உயர்த்தினால் சில மாதங்களில் வாடகையும் உயர்கிறது. குடியிருப்பவர்தான் கடைசியில் சுமக்கிறார். அப்படியானால் அது மறைமுக வரி ஆகிவிடாதா என்று கூர்மையான மாணவர் ஒருவர் கேட்கலாம். பொருளாதார ஆய்வில் அது நியாயமான கேள்வி. எவ்வளவு தள்ள முடியும் என்பது அந்தப் பகுதியில் வாடகை வீட்டுக்கு எவ்வளவு கிராக்கி என்பதைப் பொறுத்தது. காலி வீடுகள் நிறைந்த தெருவில் வீட்டுக்காரரே சுமப்பார், ஐ.டி. வளாகத்துக்குப் பக்கத்துத் தெருவில் குடித்தனக்காரர் சுமப்பார். வகைப்படுத்தும்போது இந்தச் சந்தை நிலவரம் கணக்கில் வராது. சோப்பின் வரி அடுத்தவருக்குப் போக வேண்டும் என்றே சட்டம் அமைந்திருக்கிறது, பில்லில் தனியாகவும் காட்டச் சொல்கிறது. சொத்து வரிக்கு அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. வாடகை ரசீதில் அதைத் தனி வரியாகக் காட்டி அரசின் சார்பில் வசூலிக்க வீட்டுக்காரருக்கு அதிகாரமும் இல்லை. குடித்தனக்காரர் காலி செய்துவிட்டுப் போனாலும் பாக்கிக்கான நோட்டீஸ் வீட்டுக்காரர் பெயரில்தான் வரும்.